தொள்ளாயிரத்தில் கைக்கு எவ்வளவு?

இரவு பதினொன்றரை மணிக்கு வேளச்சேரியில் ஒரு உணவு டெலிவரி ரைடர் லாக்-அவுட் செய்கிறார். ஆப் திரையில் அன்றைய வருமானம் 900 ரூபாய் என்று நிற்கிறது. ஒன்பதரை மணி நேர லாகின், 17 ஆர்டர். மாதத்துக்கு 26 நாள் என்று பெருக்கினால் 23,400 ரூபாய் வருகிறது. கேட்கிறவருக்கு "பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் ஆப்புக்கு வண்டியின் பெட்ரோல் டேங்க் தெரியாது. பார்சல் கையில் இல்லாமல் ஓடிய தூரத்துக்குத் திரையில் இடமில்லை. ஓட்டல் வாசலில் நின்ற நேரத்தில் ஒரு சின்னத் துண்டைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. இந்த மூன்றையும் எடுத்து வைத்தால்தான் அந்த 900 எவ்வளவாகக் கைக்கு வருகிறது என்பது புரியும்.

இங்கே போடப்போவது ஒரு மாதிரி நாளின் கணக்கு. சம்பள விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர், ஒரே ஊரில் ஜோனுக்கு ஜோன் மாறும். போன வாரம் இருந்த இன்சென்டிவ் இந்த வாரம் இருக்காது. எனவே கீழே வரும் ஆர்டர் விகிதங்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் அமைப்பு பெரும்பாலும் எல்லா இடத்திலும் இதுதான்.

ஒரு ஆர்டர், பல வரிகள்

ஆர்டருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விகி ரைடர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இது பகிரங்கமாகத் தெரிந்தது. ஆர்டருக்கு 35 ரூபாய் என்று இருந்ததை 15 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் புகார். அந்த 15 ரூபாய் சம்பளத்தின் பல கூறுகளில் ஒன்று மட்டுமே, சென்னையில் பெரும்பாலோர் ஆர்டருக்கு 45 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. இரண்டு தரப்பும் இரண்டு வேறு எண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. ரைடர் சொன்னது எந்த ஆர்டருக்கும் உறுதியாக வரும் தொகை. நிறுவனம் சொன்னது எல்லாம் சேர்ந்த சராசரி. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தூரப் பணம், காத்திருப்புப் பணம், பீக் நேரக் கூடுதல், மழைக் கூடுதல், இன்சென்டிவ்.

நம் மாதிரி ரைடருக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் அடிப்படை 25 ரூபாய். அவர் நிற்கும் இடத்திலிருந்து ஓட்டலுக்கும், ஓட்டலிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கும் சேர்த்து முதல் 4 கிலோமீட்டர் இந்த 25-க்குள் அடக்கம். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 8 ரூபாய். ஓட்டலில் 10 நிமிடத்துக்கு மேல் நின்றால் நிமிடத்துக்கு 1 ரூபாய். இரவு 8 முதல் 10 வரை பீக் நேரம், ஆர்டருக்கு 10 ரூபாய் கூடுதல். ஒரு நாளில் 12 ஆர்டர் முடித்தால் 100 ரூபாய் இன்சென்டிவ். 16 முடித்தால் அது 200 ஆகும்.

அன்றைய 17 ஆர்டருக்கு அடிப்படை 425 ரூபாய். ஏழு ஆர்டர் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. மற்ற பத்தும் சராசரியாக 6 கிலோமீட்டர். அதாவது ஒவ்வொன்றிலும் 2 கிலோமீட்டர் கூடுதல். அதற்குத் தூரப் பணம் 160 ரூபாய். மூன்று ஓட்டல்களில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்ததற்கு 25 ரூபாய். பீக் நேரத்தில் ஐந்து ஆர்டருக்கு 50 ரூபாய். பதினாறைத் தாண்டியதால் இன்சென்டிவ் 200 ரூபாய். இதுவரை 860. இரண்டு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸ் 40. ஆக 900.

இதில் கவனிக்க வேண்டியது, ஆர்டருக்கு இவ்வளவு என்று பேசப்படும் அடிப்படைப் பணம் மொத்தத்தில் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் நடந்தால் உண்டு, நடக்காவிட்டால் இல்லை என்ற வகை.

மேடவாக்கம் போய்த் திரும்பினால்

தூரப் பணம் கேட்க நன்றாக இருக்கும். 25 ரூபாய் ஆர்டரைவிட 65 ரூபாய் ஆர்டர் மேல் என்றுதான் புதிதாகச் சேர்ந்தவர் நினைப்பார். மதியம் ஒரு மணிக்கு வேளச்சேரி ஓட்டல் ஒன்றிலிருந்து மேடவாக்கத்துக்கு ஒரு ஆர்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டலுக்குப் போக 1 கிலோமீட்டர், அங்கிருந்து பள்ளிக்கரணை வழியாக 8 கிலோமீட்டர். 4 கிலோமீட்டர் போக மீதி 5-க்கு 40 ரூபாய், அடிப்படை 25, மொத்தம் 65.

ஓட்டலுக்குப் போக 4 நிமிடம், வாங்க 5 நிமிடம், ஓட்ட 26 நிமிடம், குடியிருப்பு வாசலில் செக்யூரிட்டியிடம் பதிவு போட்டு மேலே ஏறிக் கொடுக்க 5 நிமிடம். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பெட்ரோல் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு என்று பிடித்தால் (இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்) 9 கிலோமீட்டருக்கு 19 ரூபாய். கைக்கு 46. மணிக்கணக்கில் 69 ரூபாய் விழுகிறது. நல்ல ஆர்டர்தான்.

ஆனால் அவர் இப்போது மேடவாக்கத்தில் நிற்கிறார். அவருடைய ஜோன் வேளச்சேரி. அங்கேயே அடுத்த ஆர்டர் விழுந்தால் பிரச்சினை இல்லை. விழவில்லை என்றால், அல்லது ஜோனுக்கு வெளியே ஆர்டர் வராதபடி ஆப் அமைந்திருந்தால், 8 கிலோமீட்டர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ரைடர்கள் இதைக் 'காலி ரிட்டர்ன்' என்கிறார்கள். இன்னொரு 22 நிமிடமும் 17 ரூபாய் பெட்ரோலும் போயிற்று. இப்போது அதே ஆர்டரில் 62 நிமிடத்துக்குக் கையில் நிற்பது 29 ரூபாய். மணிக்கு 28.

ஆர்டர் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். திரும்பும்போது பையில் அடுத்த பார்சல் இருந்ததா என்பதை வைத்து மணிக் கூலி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்குத்தான் சில திட்டங்களில் ஜோனை விட்டு வெளியே போனால் தனியாக ரிட்டர்ன் பணம் வைத்திருக்கிறார்கள். அந்த மேடவாக்கம் ஆர்டருக்கு ரிட்டர்ன் பணம் 20 ரூபாய் இருந்திருந்தால் மணிக்கு 47 என்று பாதி மேடு ஏறியிருக்கும்.

அனுபவப்பட்டவர்கள் ஆர்டர் கார்டில் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். ஓட்டல்கள் நெருக்கமாக உள்ள சாலையை நோக்கிப் போகும் 6 கிலோமீட்டர் லாபம். வீடுகள் மட்டுமே உள்ள பகுதிக்குள் போகும் 6 கிலோமீட்டர் அப்படியில்லை. சிக்கல் என்னவென்றால், பிடிக்காத ஆர்டரைத் தள்ளினால் பல திட்டங்களில் இன்சென்டிவ் தகுதி அடிபடும். அதனால் நஷ்டம் என்று தெரிந்தும் எடுக்க வேண்டிய ஆர்டர்கள் ஒவ்வொரு நாளும் இருக்கும்.

அஞ்சு நிமிஷம் தம்பி

சனிக்கிழமை இரவு எட்டே முக்காலுக்குக் கூட்டமான ஒரு பிரியாணிக் கடைக்குப் போனால் காத்திருப்பு என்பது என்ன என்று பார்க்கலாம். கவுண்டர் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் திரையில் ஆர்டர் எண்ணைத் திறந்து வைத்த போன்.

"அண்ணே, இருபத்தொண்ணு நாப்பத்தாறு ரெடியா?"

"அஞ்சு நிமிஷம் தம்பி."

பார்சல் கட்டுகிறவர் தலையைத் தூக்காமலேயே சொல்கிறார். முன்னால் கேட்ட மூன்று பேருக்கும் அதே பதில்தான். தாளிச்சாவும் பச்சடியும் பையில் விழுந்து ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒன்றாக எட்டிப் பார்க்கிறார்கள். எண்ணைக் கூப்பிட்டதும் ஒருவர் மட்டும் பையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடுகிறார்.

இந்தக் கடையிலிருந்து விஜயநகர் பக்கம் 2 கிலோமீட்டரில் ஒரு ஆர்டர். கடைக்கு வந்த தூரம் 1 கிலோமீட்டர். நின்ற நேரம் 20 நிமிடம். ஆர்டர் 25, காத்திருப்பு 10, பீக் 10, மொத்தம் 45 ரூபாய். வந்தது, நின்றது, ஓட்டியது, கொடுத்தது, கடைப்பக்கம் திரும்பியது எல்லாம் சேர்த்து 42 நிமிடம். ஓடியது நாலரை கிலோமீட்டர். பெட்ரோல் போக 35 ரூபாய் 50 காசு. மணிக்கு ஏறக்குறைய 51. மோசமில்லை.

இப்போது அந்தக் காத்திருப்புப் பணம் 10 ரூபாய் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக் கூலி 36 ஆகிவிடும். வராமல் போக வாய்ப்பு இருக்கிறது. காத்திருப்பை ஆப் கணக்கிடுவதற்கு இரண்டு நேரக் குறிகள் வேண்டும். ஒன்று, ரைடர் ஓட்டலை அடைந்தது. அவர் திரையில் தட்டினாலும் ஜிபிஎஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, உணவு தயாரான நேரம் அல்லது அவர் பார்சலை எடுத்த நேரம். பெரிய மால் ஒன்றின் அடித்தள பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி லிஃப்ட்டில் மேலே போகிறவரின் ஜிபிஎஸ் தடுமாறும். அவர் வந்து சேர்ந்தது தாமதமாகப் பதியும். ஓட்டல்காரர் தன் நேரப் பதிவு கெட்டுவிடக் கூடாதென்று உணவு அடுப்பில் இருக்கும்போதே 'ரெடி' தட்டினால், தாமதம் யாருடையது என்ற கேள்வியில் ரைடர் மாட்டிக்கொள்வார். வாரக் கணக்கு வரும்போது அந்த ஆர்டரைத் திறந்து காத்திருப்பு வரி இருக்கிறதா என்று பார்ப்பதும், வந்த நேரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் அதனால்தான்.

முதல் 10 நிமிடத்துக்கு எதுவும் இல்லை என்பது இன்னொரு விஷயம். நம் ரைடர் அன்று ஓட்டல்களில் நின்றது மொத்தம் 136 நிமிடம். பணம் வந்தது 25 நிமிடத்துக்கு. மீதி 111 நிமிடம் ஐந்தும் ஆறுமாக 17 ஆர்டரில் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓட்டலுக்கு வெளியிலும் காத்திருப்பு உண்டு. நாள் முழுவதையும் நிமிடமாகப் பிரித்தால், 570 நிமிடத்தில் ஓட்டலுக்குப் போக 85, ஓட்டலில் நிற்க 136, வாடிக்கையாளரை நோக்கி ஓட்ட 170, கதவருகே கொடுத்து முடிக்க 68. மிச்சமுள்ள 111 நிமிடம் காலி ரிட்டர்னுக்கும், மரத்தடியில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு அடுத்த ஆர்டருக்காகத் திரையைப் பார்ப்பதற்கும் போனது. சூடான பார்சலோடு உண்மையில் வண்டி ஓடிய நேரம் ஒன்பதரை மணியில் மூன்று மணி நேரம்கூட இல்லை. வாடிக்கையாளர் வரைபடத்தில் பார்க்கும் வண்டிப் பொம்மை நகர்வது அந்த நேரம் மட்டும்தான்.

உட்கார இடமில்லாத இந்த வேலைக்காக 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. கழிப்பறையும் போன் சார்ஜ் வசதியும் உண்டு. அந்தப் பகுதி ரைடருக்கு அது பெரிய உதவி. வேளச்சேரிக்காரர் அங்கே போய் வரப் பெட்ரோல் போட வேண்டும்.

மீட்டர் சொல்லும் 120

ஆப்பின் கணக்கில் அன்று ஓடிய தூரம் 81 கிலோமீட்டர். வண்டியின் மீட்டர் காட்டுவது 120. நடுவில் உள்ள 39 கிலோமீட்டரில் 28 காலி ரிட்டர்ன். மீதி 11, காலையில் வீட்டிலிருந்து ஜோனுக்கு வந்தது, மதியம் சாப்பிடப் போய் வந்தது, இரவு வீட்டுக்குப் போனது. அதாவது ஒவ்வொரு மூன்று கிலோமீட்டரிலும் ஒன்று கூலி இல்லாத கிலோமீட்டர்.

2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு ஆனது. கணக்குக்கு 101 என்று வைத்துக்கொள்வோம். 100 சிசி வண்டி நெடுஞ்சாலையில் 60-க்கு மேல் கொடுக்கும். வேளச்சேரி சிக்னல்களில், முதல் கியரும் இரண்டாவது கியருமாக, நிமிடத்துக்கு ஒரு முறை நின்று கிளம்பும் ஓட்டத்தில் 48 கிடைத்தாலே நல்ல வண்டி. 101-ஐ 48-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு. 120 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர், 252 ரூபாய்.

பெட்ரோல் அன்றாடம் பர்ஸிலிருந்து போவதால் எல்லோருக்கும் நினைவிருக்கும். வண்டித் தேய்மானம் அப்படியில்லை. மாதத்துக்கு 3,100 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மாதா மாதம் ஆயில் மாற்ற வேண்டும். வீட்டு வண்டியில் அதே வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். பின் டயர் ஆறு மாதத்தில் வழுக்கையாகிவிடும். செயின் ஸ்ப்ராக்கெட்டும் ஏறக்குறைய அதே நேரத்தில் பல் தேய்ந்து நிற்கும். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பங்க்சர் எல்லாவற்றையும் கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் 40 காசை ஒட்டி வருகிறது. நாளுக்கு 50 ரூபாய். டேட்டா ரீசார்ஜ் நாளுக்கு 10 என்று வையுங்கள்.

900-லிருந்து 252, 50, 10 போனால் 588. ஒன்பதரை மணிக்கு வகுத்தால் மணிக்கு 62 ரூபாய்.

வண்டியின் விலையை இன்னும் தொடவில்லை. 90,000 ரூபாய்க்கு எடுத்த வண்டி இந்த ஓட்டத்தில் மூன்று வருடத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அப்போது விற்றால் 25,000 கிடைத்தால் பெரிய காரியம். அந்த 65,000 ரூபாய் இழப்பை ஓடிய தூரத்தில் பரப்பினால் நாளுக்கு 65 முதல் 70 ரூபாய். தவணை கட்டுகிறவருக்கு இது மாதா மாதம் கண்ணுக்குத் தெரியும். சொந்தப் பணத்தில் எடுத்தவருக்கு வண்டி மாற்றும் நாளில்தான் தெரியும். அதையும் கழித்தால் 588 என்பது 520 அளவில் நிற்கும், மணிக்கு 55.

பதினாறாவது ஆர்டர்

இந்த நாள் நல்லபடியாக முடிந்ததற்கு ஒரு காரணம் 16-ஆவது ஆர்டர் பத்தரை மணிக்கு முன்பே விழுந்தது. அந்த ஒரு ஆர்டரின் மதிப்பு 25 ரூபாய் மட்டுமல்ல. இன்சென்டிவை 100-லிருந்து 200-க்குத் தூக்கியதால் அது 125 ரூபாய் ஆர்டர். அதே நாள் 15 ஆர்டரோடு நின்றிருந்தால், இரண்டு ஆர்டர் குறைந்ததற்காகப் பெட்ரோல் மிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், 588 என்பது 450 அளவுக்கு இறங்கியிருக்கும். ஒன்பதில் ஒரு பங்கு ஆர்டர் குறைந்ததற்கு வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு போகும்.

பத்து மணிக்கு மேல் 14, 15 என்று நிற்கும் ரைடர்கள் சிக்னலில் பொறுமை இழப்பதும், எதிர்த்திசையில் வண்டியைத் திருப்புவதும் இந்தப் படிக்கட்டின் விளைவு. பிரியாணிக் கடையில் போன 20 நிமிடத்தின் உண்மையான விலையும் இங்கேதான் இருக்கிறது. பீக் நேரத்தில் அந்த 20 நிமிடம் போனால் அடுத்த ஆர்டர் ஒன்று தவறலாம். தவறியது 16-ஆவது ஆர்டராக இருந்தால், கிடைத்த 10 ரூபாய் காத்திருப்புப் பணத்துக்கு எதிரே 125 ரூபாய் போயிருக்கும். மழை நாளில் இது தலைகீழாகும்: சாலையில் ரைடர்கள் குறைவார்கள், ஆர்டர் வரிசைகட்டும், கூடுதல் பணமும் உண்டு. ஆனால் வேளச்சேரியில் மழை என்றால் முழங்கால் தண்ணீர். சைலன்ஸருக்குள் தண்ணீர் போனால் அன்றைய கூடுதல் முழுவதும் மெக்கானிக்குக்குப் போகும்.

நிறுவனக் கணக்கும் தெருக் கணக்கும்

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு கணக்கு வெளிப்படையாக வந்திருக்கிறது. 2025 டிசம்பர் 25-ஆம் தேதியும் 31-ஆம் தேதியும் நாடெங்கும் பல நகரங்களில் டெலிவரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைத் தொடர்ந்து சொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் சமூக வலைத்தளத்தில் விவரம் வெளியிட்டார். 2025-இல் ரைடரின் சராசரி வருமானம் டிப்ஸ் இல்லாமல் மணிக்கு 102 ரூபாய். 2024-இல் அது 92. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்த லாகின் நேரத்துக்கான கணக்கு இது. நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் ஏறக்குறைய 26,500 ரூபாய். பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் 20 சதவீதம் போனால் கைக்கு 21,000.

நம் மாதிரி ரைடரின் மொத்த வருமானம் டிப்ஸ் இல்லாமல் மணிக்கு 90 ரூபாய். கோயல் சொன்ன 2024 சராசரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய இடைவெளி செலவுப் பக்கம் விழுகிறது. 102 ரூபாயில் 20 சதவீதம் என்றால் மணிக்கு 20 ரூபாய் சொச்சம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 2 ரூபாய் 10 காசு, பராமரிப்பு 40 காசு என்றால் அந்த 20 ரூபாயில் 8 கிலோமீட்டர்தான் ஓடலாம். நம்மவர் மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். அவருடைய செலவு 20 சதவீதம் அல்ல, 35.

சைக்கிளிலும் மின்சார ஸ்கூட்டரிலும் ஓடுகிறவர்கள், ஓட்டல்கள் நெருங்கியிருக்கும் பகுதியில் சின்னச் சின்ன ஆர்டர் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் 20 சதவீதம் பொருந்தும். பழைய பெட்ரோல் வண்டியில், காலி ரிட்டர்ன் அதிகமுள்ள புறநகர் ஜோனில் ஓடுகிறவருக்குப் பொருந்தாது. எனவே "டெலிவரியில் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கிறவரிடம் ஆர்டருக்கு எவ்வளவு என்பதற்கு முன்னால், எந்த ஜோன், என்ன வண்டி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வண்டியை மாற்றினால் கணக்கு எப்படி மாறும் என்று போட்டுப் பார்க்கலாம். மின்சார ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 30 காசு சார்ஜ் செலவு என்றால் 120 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். பெட்ரோலில் 216 ரூபாய் மிச்சம். சொந்த ஸ்கூட்டராக இருந்தால் தவணை கட்டியும் லாபம் நிற்கும். நாளுக்கு 200 ரூபாய் வாடகைக்கு எடுத்தால் மிச்சம் ஏறக்குறைய முழுவதும் வாடகைக்கே போய்விடும்; ஓடாத நாளுக்கும் வாடகை கட்ட வேண்டும். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்ததன் பொருள் இங்கேதான் இருக்கிறது. அந்த மானியம் வாடகைக்காரரைச் சொந்தக்காரராக்கினால் ஒரு நாள் கணக்கில் 100 ரூபாய்க்கு மேல் தேறும்.

மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போகாமல் ஜோனிலேயே சாப்பிட்டால் 5 கிலோமீட்டர் மிச்சம். ஆனால் சாப்பாட்டுக்கு 80 ரூபாய் ஆகும். இப்படி ஒவ்வொன்றையும் கூட்டிக் கழித்துத்தான் ரைடர்கள் நாளை நகர்த்துகிறார்கள். அவர்கள் கையில் இல்லாத ஒன்று, கதவருகே போகும் அந்த 68 நிமிடம். ஆர்டருக்கு 4 நிமிடம்தான். ஆனால் தவறான இடத்தில் வைத்த பின், எந்த பிளாக் என்று எழுதாத முகவரி, மூன்றாவது அழைப்புக்குத்தான் எடுக்கும் போன் இவையெல்லாம் சேர்ந்துதான் அது 4 ஆகிறது. முகவரியில் பிளாக்கும் மாடியும் தெளிவாக இருந்து, வாசலில் செக்யூரிட்டிக்கு முன்பே சொல்லிவைத்திருந்தால் அது 2 ஆகும். 17 ஆர்டருக்கு 34 நிமிடம் மிச்சம். அந்த நாளில் ஓர் ஆர்டர் தொடங்கி அடுத்த ஆர்டர் தொடங்க ஆன சராசரி நேரமும் அதேதான்.